பன்னிரண்டு நாள் பேங்க்

கேதீஸ்வரி யாழ்ப்பாணத்து மண்கும்பானில் பிறந்தவள் என்பது அந்தச் சீரியலைத் தினமும் பார்க்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நாலு வருடமாகக் கதாநாயகிக்குப் பெரியம்மாவாக வாயசைக்கிறாள், குரல் வேறொருத்தியுடையது. கேமராவுக்கு வெளியே ஒரு உதவி இயக்குநர் நின்று வசனத்தை உரக்கப் படிப்பான். அவன் படித்ததை அவள் உடனே திருப்பிச் சொல்லவேண்டும். அவள் வாயில் வரும் யாழ்ப்பாணத் தமிழைப் பிறகு டப்பிங் அறையில் துடைத்துவிட்டு, மதுரைப்பக்கத்துப் பெண் ஒருத்தி பேசுவாள்.

தொண்ணூறில் வள்ளமேறி இராமேஸ்வரம் வந்து, முகாமில் கிடந்து, பிறகு புருஷன் அம்பலவாணருடன் வளசரவாக்கத்துக்குக் குடிவந்தவள். அகதிப் பேப்பர்கள் எல்லாம் ஒழுங்காவதற்கே பதினைந்து வருடம் போயிற்று. பக்கத்து வீட்டைச் சூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒருநாள் சீர்வரிசைத் தட்டுத் தூக்க வேண்டிய துணைநடிகை வரவில்லை. மதில் மேலால் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த கேதீஸ்வரியை மேனேஜர் கூப்பிட்டார். "அம்மா, கொஞ்சம் இந்தத் தட்டப் புடிச்சிட்டு நில்லுங்க." நின்றாள். இருபது வருடமாக நின்றுகொண்டேயிருக்கிறாள்.

ஊரில் அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு உயிர்: தமையன் மயில்வாகனத்தின் மகள் நிலாந்தினி. தாய் முதலே போய்விட்டாள். தமையனும் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். அந்தச் செத்தவீட்டுக்குக் கேதீஸ்வரி போகவில்லை. கதையில் அப்போது பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி சீன். தமையனின் நெருப்புக்கு வராத மாமி, மகளின் கலியாணத்துக்காவது வருவாள் என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தது. தாய் தகப்பன் இடத்தில் இருந்து தாரை வார்த்துக்கொடுக்கக் கேதீஸ்வரியும் அம்பலவாணரும்தான் வேண்டும். அந்தச் சடங்குக்குத் தம்பதியாக இருக்கவேண்டும். புதன்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முகூர்த்தம். செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் பிளேனுக்கு அவள் ரிக்கெற் போட்டாள். அம்பலவாணர் பந்தல் வேலை பார்க்க இரண்டு கிழமை முன்னதாகவே போய்விட்டார்.

சீரியலில் லீவு கேட்பது என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் ஒரு எபிசோட் போகும். அது நின்றால் உலகமே நின்றமாதிரி. ஒரு யூனிட் ஒரு நாள் முழுக்க மாடுமாதிரி உழைத்தால் ஒரு எபிசோட் தேறும். எடுத்து முடித்து, எடிட்டிங், டப்பிங், இசை எல்லாம் சேர்த்து, ஒளிபரப்பாமல் கையில் வைத்திருப்பதற்குப் பேங்க் என்று பெயர். அவர்கள் சீரியலில் மூன்று எபிசோட் பேங்க் இருந்தாலே மேனேஜர் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். ஒரு நடிகை ஒரு வாரம் போகவேண்டுமானால், அந்த வாரத்து எபிசோட்கள் முன்கூட்டியே பேங்கில் இருக்கவேண்டும்.

அதனால் கேதீஸ்வரி இணை இயக்குநர் நிரோஜனைப் பிடித்தாள். அவன் ஊர்காவற்றுறைக் குடும்பத்துப் பிள்ளை, சென்னையில் வளர்ந்தவன். செட்டில் எல்லோரிடமும் சென்னைத் தமிழ் பேசுவான், அவளிடம் மட்டும் வீட்டுப் பேச்சு.

"தம்பி, ஒரு மாதம் ரெண்டு யூனிட் போட ஏலுமே? நான் ரெண்டிலயும் நிக்கிறன்."

"உங்களுக்கு ஏலுமோ அன்ரி? முழங்கால் நோவெண்டு சொன்னனீங்கள்."

"முழங்கால் கலியாணத்துக்குப் பிறகு நோகட்டும்."

இயக்குநருக்கும் அது பிடித்திருந்தது. கதாநாயகி அந்தச் சமயத்தில் பத்து நாள் ஹைதராபாத்துக்குப் போகவேண்டும். அங்கேயும் ஒரு சீரியலில் அவள்தான் கதாநாயகி. ஆகவே யூனிட் இரண்டானது. இயக்குநர் வளசரவாக்கத்து வீட்டில் குடும்பச் சண்டை எடுத்தார். நிரோஜன் இன்னொரு கேமராவோடு போரூரில் ஆஸ்பத்திரி, கோயில், போலீஸ் ஸ்டேஷன் எடுத்தான். கேதீஸ்வரி காலை ஏழுக்கு இங்கே அழுதாள், பகல் இரண்டுக்கு ஆட்டோவில் சேலை மாற்றிக்கொண்டு போய் அங்கே அழுதாள். எந்த அழுகை எந்த எபிசோட் என்பது அவளுக்குத் தெரியாது. கண்டினியூட்டி பார்க்கிற பெண் போனில் பழைய படத்தைக் காட்டி, "பொட்டு பெருசு, பூ இடப்பக்கம்" என்பாள். அவ்வளவுதான் கதை.

மாதம் முடிய பேங்க் பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு கிழமைக்குக் கவலையில்லை. நிரோஜன் அவள் காதில் குனிந்து சொன்னான்: "அன்ரி, ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. சேனல்ல ஏழு எண்டுதான் சொல்லியிருக்கு."

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. பேங்க் எவ்வளவு இருந்தாலும் சேனலுக்குப் பாதியைத்தான் சொல்வார்கள். முழுதையும் சொன்னால் சேனல் அதைச் சும்மா விடாது. கேதீஸ்வரிக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனால் சந்தோஷம் வந்த மனிசருக்கு வாயில் பூட்டுப் போட யாரால் முடியும்? அதுவும் முப்பத்துச் சொச்ச வருடம் கழித்து ஊருக்குப் போகிறவளுக்கு?

வெள்ளிக்கிழமை சேனலில் இருந்து ஒரு பொடியன் வந்தான். சீரியலுக்குப் பொறுப்பான எக்சிகியூட்டிவ். வந்தால் எல்லோரும் கதிரை போடுவார்கள். கேதீஸ்வரி பையில் இருந்து மஞ்சள் தடவிய கலியாணக் கார்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"யாழ்ப்பாணமா? சூப்பர்மா. லீவு குடுத்துட்டாங்களா?"

"ஓம் தம்பி. பன்னிரண்டு நாள் பாங்க் கிடக்கு. எல்லாம் நான் நிண்டு முடிச்சுக் குடுத்தனான்."

சொல்லி முடித்த பிறகுதான் நிரோஜனின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பொடியன் சிரித்தபடி கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை. அவனுடைய வேலையை அவன் பார்த்தான்.

மறுநாளே செய்தி வந்தது. போட்டிச் சேனலில் அதே நேரத்துக்குப் புதுச் சீரியல் தொடங்குகிறது. அதை அமுக்க, அடுத்த வாரம் முழுக்க இவர்களுடைய சீரியல் தினமும் ஒரு மணிநேரம். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட் வீதம் ஆறு நாள். அதற்கடுத்த வாரம் கதையில் கதாநாயகியின் திருமணம். "பேங்க் தான் இருக்கே" என்றார்களாம்.

கேதீஸ்வரி தன் கையால் ஒரு மாதம் சேர்த்ததை அவர்கள் ஆறு நாளில் தின்று முடித்தார்கள். கதாநாயகி ஹைதராபாத்தில் இருந்ததால் அந்த வாரம் புதிதாக எதையும் எடுக்கவும் முடியவில்லை. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பேங்க் வெறுமையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கதாநாயகி வந்திறங்கியதும் திருமணச் சூட்டிங் தொடங்கியது. இன்று எடுப்பது நாளைக்குப் போகவேண்டும். எழுத்தாளர் காலையில் வாட்ஸ்அப்பில் சீன் அனுப்புவார், மாலையில் எடிட்டர் தொண்டை கிழியக் கத்துவார்.

தாலி கட்டும் சீன் புதன்கிழமை. பெரியம்மா கட்டாயம் வேண்டும்.

கேதீஸ்வரி மேனேஜரிடம் போய்க் கெஞ்சினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு திட்டைவிட மோசம். "அம்மா, ஒங்க கஷ்டம் புரியுது. போறதுன்னா போங்க. ஆனா திங்கக்கிழமைலேருந்து இவருக்குப் பதில் இவர்னு போட்டுருவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் போயிருக்கலாம். தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம் என்று எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில், சொந்தக் குரல் திரையில் ஒருநாளும் கேட்காத ஒருத்தியை வேறு எந்தச் சீரியல் கூப்பிடும்? நிலாந்தினியின் கம்பஸ் படிப்பு, கூறைச்சேலை, மண்டபம் எல்லாம் அந்தப் பெரியம்மா அழுது சம்பாதித்தவை. அழுகையை விட்டால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது. செவ்வாய்க்கிழமை பிளேன் அவள் இல்லாமல் போயிற்று.

போனில் அம்பலவாணர் ஏசவில்லை. "அப்ப நானும் தாரை வாக்க ஏலாது. தனியா இருக்க விடாயினம். பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளையையும் மனுசனையும் கேட்டிருக்கிறன்" என்றார்.

புதன்கிழமை காலை ஆறரைக்கே கேதீஸ்வரி போரூர்க் கலியாண மண்டபத்தில் பட்டுச்சேலையோடு தயாராக இருந்தாள். யூனிட்டை மறுபடி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மண்டபத்தில் நிரோஜன் கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தான்: நாதஸ்வரம், பந்தி, வாழைமரம். வளசரவாக்கத்து வீட்டில் இயக்குநர் கதாநாயகிக்கு அலங்காரக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் கதாநாயகி மண்டபத்துக்கு வருவாள், பெரியம்மா பக்கத்தில் நின்று அட்சதை போடுவாள், தாலி கட்டுவார்கள். பத்து மணிக்கு வருவாள் என்றார்கள். பத்து பன்னிரண்டுக்குக் கேதீஸ்வரி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். செட்டில் போனை அணைத்து வைக்கவேண்டும். அவள் பையைத் திறக்கவேயில்லை. பக்கத்தில் இரண்டு துணைநடிகைகள் இட்லி சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டு ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. மூன்றரைக்கு நிரோஜன் வந்து அவள் முன் குந்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்ரி, அவ இஞ்ச வரேல்லை. தாலி கட்டுறதை வீட்டிலயே மூலையில மண்டபம் மாதிரிச் சோடிச்சு எடுத்திட்டினம். நேரமில்லையாம். ஏழு மணிக்குள்ள எடிட்டருக்குக் குடுக்கோணும்."

"அப்ப நான்?"

"உங்கட குளோசப் கிடக்குது. போன மாதம் நிச்சயதார்த்தத்துக்கு இதே சேலையோட அழுதுகொண்டு அட்சதை போட்டது. ரெண்டு மூண்டு தரம் எடுத்து வச்சம், ஞாபகமோ? எடிட்டர் அதைப் பொருத்திப்போடுவாராம். நீங்கள் போயிருக்கலாம் அன்ரி. எனக்குத் தெரியாமல் போச்சு."

அவள் அழவில்லை. நாலு வருடமாக யார் கேட்டாலும் அழுதவளுக்கு அன்று கண்ணீர் வரவில்லை. சேலையைக் கழற்றி மடித்து உடுப்புப் பெண்ணிடம் கொடுத்தாள். மடிப்பு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.

வியாழக்கிழமை இரவு எட்டுக்கு எபிசோட் போயிற்று. அவள் பார்க்கவில்லை. எட்டரைக்கு மண்கும்பானில் இருந்து நிலாந்தினி போனில் அழைத்தாள். கலியாணத்துக்குப் பிறகு முதல் தரம் பேசுகிறாள்.

"மாமி, இப்ப எல்லாரும் இருந்து உங்கட நாடகம் பாத்தம்."

"ஓம் பிள்ளை."

"இலட்சுமிப்பிள்ளை அக்கா நல்லாத்தான் தாரை வாத்தவ. கை நடுங்காமல் தண்ணி ஊத்தினவ. நேற்று என்ர கலியாண நேரம் நீங்கள் அங்க அந்தப் பிள்ளைக்கு அரிசி போட்டுக்கொண்டு நிண்டிருக்கிறியள். என்ன வடிவா அழுதனீங்கள் மாமி. உண்மையா அழுதமாதிரியே கிடந்தது."

அது போன மாதம் எடுத்தது, நேற்று நான் சும்மா கதிரையில் இருந்தனான் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு நோகும் என்று கேதீஸ்வரி யோசித்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "உண்மையாத்தான் அழுதனான்."

நிலாந்தினி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் அழைக்கவில்லை.