சித்தி பேசிய பேரம்

வடசேரியில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். வெளியாள் யாராவது மேசையோ பெட்டியோ கொண்டுவந்தால், "இதுக்கு இவ்வளவுதான் போகும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சொந்தக்காரர்கள் கொண்டுவந்தால்தான் எனக்கு விலை சொல்ல வராது.

மணவாளக்குறிச்சியில் இருக்கும் சித்தப்பாவும் சித்தியும் வீட்டை விற்றுவிட்டு, நாகர்கோவிலில் மகளுடைய புது பிளாட்டுக்கு வருவதாக முடிவானது. சித்தி எனக்குப் போன் செய்தாள்.

"மக்கா, எங்க அப்பா கொழும்பில இருந்து கொண்டாந்த கடிகாரம் இருக்கில்லா, அத நீதான் வித்துத் தரணும். கொல்லத்துல ஒருத்தன் இது மாதிரி ஒண்ண ஒரு லட்சத்துக்குக் கொடுத்தானாம். வாட்ஸப்புல வந்தது."

போய்ப் பார்த்தேன். ஊசல் வைத்த சுவர்க் கடிகாரம். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்து கப்பல் கப்பலாக இறக்கிய சரக்கு. போதாக்குறைக்குச் சித்தப்பா அதன்மேல் அளவு கடந்த பாசம் வைத்திருந்தார். உப்புக்காற்றில் மெஷின் துருப்பிடித்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பேட்டரி மெஷின் வைத்தார். எண்கள் மங்கியதும் போர்டு எழுதுகிற ஆளைக் கூப்பிட்டுப் புதிதாக எழுத வைத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை தேக்குப் பெட்டிக்கு எனாமல் பெயிண்ட். இப்போது மணிக்கு ஒரு தடவை அது ஏதோ பிறந்தநாள் விழா போலப் பாட்டுப் பாடியது. ஊசல் சும்மா அழகுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"புதுசு மாதிரி வச்சிருக்கேன் பாத்தியா?" என்றார் சித்தப்பா, பெட்டியைத் துண்டால் துடைத்தபடி.

பழைய கடிகாரம் தேடி வருகிறவனுக்கு அந்தப் புதுசுதான் பிடிக்காது. அவனுக்குப் பழைய மெஷினும் பழைய எழுத்தும் வேண்டும். இதைச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் கை பட்டதால்தான் விலை போச்சு என்றல்லவா ஆகிவிடும்? கொழும்புத் தாத்தா கதையைச் சித்தி சொல்லச் சொல்லக் கேட்டேன். கொடுத்த காப்பியைக் குடித்தேன். "கடைக்கு ஒரு நாள் வாங்க சித்தி, இதே மாதிரி ஒண்ணு இருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரமே சித்தி காய்கறிப் பையோடு தனியாக வந்து நின்றாள். சுவரில் அதே ஜாதிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின், சாவி, எதுவும் மாற்றப்படாதது.

"இது என்ன விலை?"

"நீங்க வாங்க வந்திருக்கீங்கன்னு வச்சுக்கிடுங்க. நாலாயிரம்."

"நாலாயிரமா? பெட்டியில கீறல் கெடக்கு. கண்ணாடி ஓரத்துல உடைஞ்சிருக்கு."

"பழைய சாமான்னா அப்படித்தான் சித்தி."

"பழசுக்கு எதுக்கு நாலாயிரம்? வாரா வாரம் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுக்கணும். இருநூறு ரூவாய்க்கு எங்க தெருவுல புதுசு கிடைக்கும். ரெண்டாயிரம்னா யோசிக்கேன்."

"சரி, ரெண்டாயிரம்."

"வேண்டாம் மக்கா. பிளாட்டுல எங்க மாட்ட?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்போ நம்ம வீட்டுக் கடிகாரம் எவ்வளவு போகும்?"

"இது கம்பெனி மெஷின். நம்மளது பேட்டரி. பெட்டிக்கு மட்டும்தான் விலை, அதுலயும் பெயிண்ட் அடிச்சதுல விலை கொறஞ்சு போச்சு. இதுல பாதி தேறினாலே பெரிசு."

"அப்போ எங்க அப்பா?"

"அவருக்கு விலை போட நான் யாரு சித்தி? வாங்குறவனுக்கு அவரத் தெரியாது. அவன் மரத்தையும் மெஷினையும்தான் பாப்பான். நம்ம வீட்டுல அது வேற சாமான், கடையில வேற சாமான்."

எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "பெயிண்ட் விஷயத்த உங்க சித்தப்பாகிட்ட சொல்லிராத. பாவம், துடைச்சுத் துடைச்சு வச்சிருக்காரு" என்றாள்.

"கொல்லத்துக் கடிகாரம் வேற கம்பெனின்னு சொல்லிருவோம். பொய்யும் இல்ல, எல்லாம் ஒரே கம்பெனியா?"

அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டாள். "ஏட்டி, கடிகாரத்த விக்கல. உன் வீட்டு ஹாலுல மாட்டுவியா?"

"மாட்டுகேன்மா. அந்தப் பாட்ட மட்டும் நிறுத்தச் சொல்லு" என்றது போன்.

பாட்டுப் பெட்டியின் கம்பியை நானே போய்க் கழற்றிவிட்டேன். சித்தப்பாவுக்கு அதில் லேசான வருத்தம். ஹால் சுவரில் எந்த உயரத்தில் ஆணி அடிப்பது என்று மருமகனோடு ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடியதில் அது மறந்துவிட்டது.

பால் காய்ச்சிய அன்று பக்கத்து பிளாட்காரி கடிகாரத்தைப் பார்த்து, "விக்கிறதா இருந்தீங்களாமே, என்ன விலை சொன்னாங்க?" என்று சித்தியிடம் கேட்டாள்.

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. "கேட்டு வந்தான் ஒரு யாவாரி. இத வாங்குற அளவுக்கு அவன்கிட்டக் காசு இல்ல" என்றாள்.

நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.