அக்கா பெயரில் வந்த பக்கங்கள்

பட்டியலைக் கொடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமா, கேட்காமல் கொடுத்ததுதான் முறையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் அறையில் நான் ஒருத்திதான். ஏசி இரைச்சலைத் தவிரப் பேச்சுச் சத்தம் இருக்காது. மதியம் மட்டும் அலுவலகத்து அக்கா ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு வருவார். அங்கன்வாடியில் விட்டுவந்த என் மகள் அழுதிருப்பாளோ என்று நான் எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்வார்.

அலுவலகப் பிரிண்டரில் டோனர் சீக்கிரமே தீர்ந்துகொண்டிருந்தது. யார் எவ்வளவு அச்சடிக்கிறார்கள் என்று முதல்வர் பட்டியல் கேட்டார். அதை வைத்துத்தான் அடுத்த பருவத்துக்கு டோனரும் தாளும் வாங்க வேண்டும். எல்லா அச்சு வேலையும் ஒரே சர்வர் வழியாகப் போவதால் யார் பெயரில், எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பிரிண்டருக்கு, எத்தனை பக்கம் என்பது பதிவாகியிருக்கும். எத்தனை பிரதிகள் என்பது தனிப் பதிவு. இரண்டையும் இணைத்துப் பெருக்காவிட்டால் எண்ணிக்கை குறைந்துவிடும். அதைக்கூட விடாமல் செய்தேன்.

முதலிடத்தில் அக்காவின் பெயர். கோப்புகளின் தலைப்பில் காதுகுத்துப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், ஆறாம் வகுப்புப் பிராஜெக்ட். மூன்று முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.

அன்று மதியம் அக்கா டப்பா இல்லாமல் வந்து வாசலிலேயே நின்றார். முதல்வர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

"தினமும் ஒன்னா உக்காந்து சாப்புடுறோம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாம்மா ஒனக்கு?"

அவர் போனபிறகு பதிவைத் தேதி வாரியாகப் பிரித்தேன். பரளச்சியில் தம்பி வீட்டு விசேஷத்துக்காக அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாளிலும் அவர் பெயரில் பக்கங்கள் போயிருந்தன. எல்லாம் பிரிண்டர் பக்கத்திலிருக்கும் பொதுக் கணினியிலிருந்து. அதன் திரையோரத்தில் அக்காவின் கடவுச்சொல் எழுதி ஒட்டியிருக்கும். அவசரத்துக்கு எல்லோரும் அதைத்தான் தட்டுவார்கள். நானே ஒருமுறை தட்டியிருக்கிறேன். அது எப்படி எனக்கு நினைவுக்கு வராமல் போனது?

பொதுக் கணினியிலிருந்து போனவற்றைத் தனியே பிரித்துத் திருத்திய பட்டியலோடு முதல்வரிடம் போய் என் தவறு என்று சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டு, தப்பாக நினைத்துவிட்டேன் என்றாராம். ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தபின் சொந்த வேலைக்கு அச்சடிப்பது அநேகமாக நின்றுவிட்டது. இப்போது எந்தப் பிரிண்டருக்கு எப்போது டோனர் வேண்டும், தேர்வுக்கு எத்தனை கட்டுத் தாள் வேண்டும் என்று முன்னமே சொல்லிவிடுகிறேன்.

அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடும்மா" என்றார். ஆனால் மதியம் வருவதில்லை. கதவுச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தனியாகச் சாப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் சொல்லுங்கள். அவராக வரட்டும் என்று காத்திருக்கவா, என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே அவர் மேசைக்குப் போகவா? போனால் சங்கடப்படுவாரோ?