படிக்காதது ஒன்றுமில்லை

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆபீஸில் ரைட்டராக இருக்கும் கிறிஸ்துதாஸின் பெருமை உலகறியாதது. அவருடைய மெயில் பெட்டியில் கறுத்த எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது. வந்ததும் திறந்துவிடுவார். திறந்தால் எழுத்து மெலியும். எழுத்து மெலிந்தால் வேலை முடிந்தது என்பது அவர் கொள்கை. மேனேஜரும் அதே கட்சி. ‘படிக்காதவை: பூஜ்யம்’ என்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறுவார்.

காப்பி பறிக்கும் மூக்கனுக்கு இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. கண்ணின் உள்ளழுத்தம். வலது கண்ணைக் காக்க ஆபரேஷன் வேண்டும் என்றார்கள் சேலத்து ஆஸ்பத்திரியில். நாள் முடிவானதும் எழுதுவதற்கு, போன் இல்லாத மூக்கன் எஸ்டேட் ஆபீஸ் மெயிலைத்தான் கொடுத்திருந்தார்.

“ஏனுங்க ரைட்டரே, நாளு வந்துதுங்களா?” என்று மறுபடியும் வந்து நின்றார். சுவரைத் தடவிக்கொண்டு வந்திருந்தார்.

“வந்தா படிக்காம உட்ருவனா? இங்க பாரு, படிக்காதது ஒண்ணுமே இல்ல.”

“காட்டுனா எனக்கென்னங்க தெரியும்?”

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெஸ்லின் நாற்காலியை நகர்த்தினாள். “அண்ணா, படிச்சதைக் கேக்கலீங்க. பதில் போட்டாச்சாங்கறதுதான் கேள்வி.”

தேடும் கட்டத்தில் ஆஸ்பத்திரி முகவரியை அடித்தாள். வந்தவற்றில் ஒன்று இருந்தது: மழைக்கு முந்தைய, எப்போதோ தாண்டிப்போன ஒரு தேதி; பதில் எழுதி உறுதி செய்யாவிட்டால் இடம் வேறு நோயாளிக்குப் போய்விடும். பிறகு அதே முகவரியை, அனுப்பியவற்றில் மட்டும் தேடினாள். ஒன்றுமில்லை.

“மத்தியானம் எழுதலாம்னு இருந்தேன் கண்ணு,” என்றார் கிறிஸ்துதாஸ். எந்த மாதத்து மத்தியானம் என்று அவர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். உடனே கூட்டிவரச் சொன்னார்கள். ஆபரேஷனும் நடந்தது. மிச்சமிருந்த நிழலை மட்டும் காப்பாற்ற முடிந்தது. செத்த நரம்பு திரும்பாதாம்.

அதன்பின் ஜெஸ்லின் ‘கன்ஃபர்ம்’, ‘ரிப்ளை’ என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஒவ்வொன்றையும் அனுப்பியவற்றோடு ஒப்பிட்டாள். பதிலுக்கு வாய் திறந்து காத்திருந்த கடிதங்கள் இன்னும் கிடைத்தன. இப்போது கிறிஸ்துதாஸ் பதில் எழுதும்வரை எதையும் விடுவதில்லை. படித்ததையும் படிக்காததாகக் குறித்து வைக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு.

“என்னய்யா, இத்தன படிக்காமக் கெடக்குது?” என்று மேனேஜர் சத்தம் போட்டார்.

கிறிஸ்துதாஸ் அடுத்த கடிதத்துக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் மூக்கனின் மனைவி குப்பாயி, புருஷனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

“யாருங்க அங்க? ரைட்டருங்களா?” என்றார் மூக்கன், மேனேஜரின் முகத்தைப் பார்த்து.