துவைத்த நீலம்

பக்கத்து அறையில் டப்பா குலுக்கும் இயந்திரம் கடகடவென்று அலறியது. சுவர் அதிர, மேஜையும் அதிர்ந்தது. மேஜைமேல் பரப்பியிருந்த வண்ணத் துண்டுகள் மெல்ல நகர்ந்தன.

"யாரும் தொடாதீங்க! மறுபடி அடுக்கணும்னா உயிர் போயிடும்," என்று இரு கைகளாலும் அணை கட்டினாள் அவள்.

அந்தப் பெயிண்ட் கம்பெனியில் நிறங்களுக்குப் பெயர் வைப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'பேரு மேடம்'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு நானூறு பிள்ளைங்க. ஒண்ணுக்கும் ஸ்கூல் ஃபீஸ் கிடையாது," என்று சிரிப்பாள்.

புது வண்ண அட்டை அன்று அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு பெயர் இன்னும் சோதனை பார்க்காமல் நின்றது. வெளிறிய நீலம் ஒன்றுக்கு அவள் வைத்திருந்த 'அம்மாவின் போர்வை'.

அது அவள் நெஞ்சிலிருந்து எடுத்து வைத்த பெயர். ஒழுகும் ஒற்றை அறையில் தாயும் மகளும் போர்த்திக்கொள்ள இருந்தது ஒரே நீலப் போர்வைதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஊரார் அழுக்கைத் துவைத்தே அம்மா அவளைப் படிக்க வைத்தாள். அந்தக் கைகளுக்குத் தன்னால் தரமுடிந்த மாலை இந்தப் பெயர்தான் என்று நினைத்தாள். அதைக் காட்டத்தான் அம்மாவை ஆபீசுக்கே வரவழைத்திருந்தாள். அம்மாவும் தலைவாரி, நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பேரைப் படிச்சு நானே அழுதுட்டேன். இதுக்குப் போய் என்ன சோதனை? அனுப்பிடுங்க," என்றார் மேனேஜர்.

"அழுதா போதாது சார். சரியான டப்பாவைத் தூக்கிட்டும் போகணும்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். போன அட்டையில் 'நிலவின் ரகசியம்' அவர் வைத்த பெயர். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, வெள்ளை என்று நம்பிப் போனிலேயே ஆர்டர் கொடுத்தது. வந்து இறங்கியது வெண்ணெய் மஞ்சள். கேட்ட நிறத்துக்குக் கலந்து கொடுத்த பெயிண்டை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. டப்பாவில் நிறத்தின் நம்பர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யார் நம்பரைச் சொல்லி ஆசைப்படுகிறார்கள்?

"நிலா மஞ்சள்தானேம்மா?" என்று அன்று முனகினார்.

"உங்க வீட்டு நிலா மஞ்சள் சார். அவங்க வீட்டுது வெள்ளை."

அதற்குப் பிறகுதான் அவள் இந்தச் சோதனையை ஏற்படுத்தினாள். துண்டுகளில் பெயர் இருக்காது. அவள் பெயரை மட்டும் சொல்வாள். கேட்பவர் நிறத்தைத் தொடவேண்டும். பெரும்பாலான விரல்கள் ஒரே துண்டில் விழாவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவாள்.

"அம்மாவின் போர்வை," என்றாள்.

மேஜையைச் சுற்றி நின்றவர்களில் கம்பெனி டிரைவர் யோசிக்காமல் செங்கல் சிவப்பைத் தொட்டார். கணக்குப் பிரிவு அக்கா பழுப்பைத் தொட்டு, மூக்கை உறிஞ்சினாள். வாட்ச்மேன் பச்சையைத் தொட்டு, "ஓரத்துல எலி கடிச்சிருக்கும், மேடம்," என்றார்.

எல்லோர் கண்ணும் கலங்கியது. ஒரு விரல்கூட நீலத்துக்கு வரவில்லை.

அவள் முகம் செத்துப்போனது. மூலைக்குத் திரும்பினாள்.

"அம்மா, நீயாவது சொல்லு. நம்ம போர்வை எது?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக ஒரு துண்டைத் தொட்டாள். அடர்ந்த, மை போன்ற நீலம்.

"என்னம்மா இது! நம்மது வெளிறிப்போனதில்ல?"

"நீ பார்த்தப்போ வெளிறிடுச்சுடி. நான் வாங்கினப்போ இதுதான். நீ வயித்துல இருந்தே. அப்புறம் துவைச்சு, துவைச்சு..." அம்மாவின் விரல் தானாக வெளிறிய நீலத்துக்கு நகர்ந்தது. "இப்படி ஆச்சு."

"துவைச்சு, துவைச்சு..." என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, உயிராய் நினைத்த பெயரைத் தன் கையாலேயே அடித்தாள்.

"அய்யோ, ஏம்மா?" என்று பதறினார் மேனேஜர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, இதுவரை எதையும் கேட்காத கலவை அறை ஆட்களைக் கூப்பிட்டாள். துண்டுகளைக் கலைத்து அடுக்கினாள். மற்ற நிறங்களோடு, நீலத்தில் மட்டுமே ஒரு முழு வரிசை இருந்தது.

"துவைத்த நீலம்."

முதல் விரல் வெளிறிய நீலத்தைத் தொட்டது. அடுத்ததும் அதையே. அதற்கடுத்ததும். கடைசியாக வந்தவர், "இதுல என்ன சோதனை? பார்த்தாலே தெரியுதே," என்று சலித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய பாராட்டை அவள் கேட்டதில்லை.

அம்மா எழுந்துவந்து வெந்நீரில் ஊறி ஊறிச் சுருங்கிய விரல்களால் அந்த வண்ணத் துண்டைத் தடவினாள். "என் பேரு போச்சேன்னு பார்த்தேன். என் வேலையையே வச்சிட்டியேடி," என்றாள். மகளின் கன்னத்தை வழித்து, தன் நெற்றியோரம் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள்.

புறப்பட்ட அம்மா, வாசலில் நின்று மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, அது என் பொண்ணு வச்ச பேரு. கலக்குறப்போ சோப்பு கம்மியாப் போடுங்க!"

அறையே சிரித்தது. அம்மா நிமிர்ந்து நடந்து வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.