சந்தனமேரி டீச்சரின் ஏழு அணிகள்

சந்தனமேரி டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். அது பொய். கோபம் அங்கேயே குடியிருந்தது. மரக்காணத்துப் பக்கத்தில் ஒரு பங்குக் கோயில் பள்ளியில் பதினெட்டு வருஷம் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, இடுப்பில் செருகிய முந்தானை. அந்தப் பிரம்பால் அவர் யாரையும் அடித்ததாகத் தகவல் இல்லை. சுண்ணாம்புக் கோடு போடும்போது நேராக வருகிறதா என்று பார்க்கத்தான் அதை வைத்திருந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் பள்ளியில் விளையாட்டு தினம். பெண் பிள்ளைகளுக்குச் சடுகுடு. அணி பிரிப்பது வகுப்புப்படி இல்லை, தெருப்படி. ஒரே தெருப் பிள்ளைகள்தான் ஒன்றாக நடந்து வருவார்கள், ஒன்றாகப் பழகுவார்கள் என்பதால் அப்படி ஒரு வழக்கம். அதனால்தான் தகராறும். வகுப்பு தோற்றால் வகுப்போடு போயிற்று. தெரு தோற்றால் தெருவே வந்து நிற்கும்.

எழுபத்திரண்டில் லீக் முறை வைத்தார். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் ஒரு முறை ஆடவேண்டும். ஏழு அணிக்கு இருபத்தோரு ஆட்டம். இருந்ததோ ஒரே களம். பதினான்காவது ஆட்டத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. நான்கு தெருக்காரர்கள் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பரிசுக் கேடயம் பள்ளி பீரோவிலேயே இருந்தது.

எழுபத்துமூன்றில் நாக்-அவுட். தோற்றவர் வெளியே. ஏழு அணிக்கு ஆறே ஆட்டம். ஏழு என்பது இரட்டைப்படை இல்லை என்பதால் ஓர் அணிக்கு முதல் சுற்றில் ஜோடி கிடைக்காது. அந்த அணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். அதற்குப் பெயர் பை. சீட்டுக் குலுக்கியதில் பை கோயில் தெருவுக்கு விழுந்தது. கோயில் தெருவில்தான், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர் அமிர்தசாமியின் வீடு. அவர் மகள்தான் அணித்தலைவி. போதாதா?

"விரல்ல தட்டுப்படட்டும்னு சீட்டுல மெழுகு தடவியிருந்தாங்க" என்றது ஊர்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. உப்பளத்துப் பிள்ளைகள் விடியுமுன் தாய்மாரோடு பாத்தியில் உப்பு வாரப் போய்விட்டு, கால் கழுவி, பாவாடை மாற்றி, மைதானத்துக்கு வந்தபோது மணி பத்தாகிவிட்டது. ஒன்பதரை ஆட்டத்துக்கு வரவில்லை என்று அவர்கள் பெயரை அடித்தாயிற்று. எதிரணிக்கு ஆடாமலே வெற்றி. ஆக, ஒரே நாளில் இரண்டு அணிகள் வியர்க்காமல் அரையிறுதிக்குப் போயின. சாயங்காலம் மைதானத்து ஓலைவேலி ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து கிடந்தது.

பள்ளியின் தாளாளரான பங்குச் சாமியார் எழுபத்துநான்கு பிப்ரவரியில் டீச்சரைக் கூப்பிட்டார்.

"லீக் வெச்சாலும் சரி, நாக்-அவுட் வெச்சாலும் சரி. நாலரை மணிக்கு முடியணும். பிள்ளைங்க இருட்டுறதுக்குள்ள வீட்டுல இருக்கணும். இந்தத் தடவை ஒரு சண்டை வந்தது, மைதானத்துல சவுக்கு மரம் வெச்சிடுவேன். கன்னுக்குக்கூட சொல்லியாச்சு."

"கன்னுக்கு எதுக்கு சாமி இப்பவே சொன்னீங்க?"

"உங்க தெருக்காரங்கள எனக்குத் தெரியும்."

டீச்சர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். அந்த மைதானம் அவர் முள் வெட்டிச் சமன்படுத்தியது. அது போனால் மிஞ்சுவது வராந்தாவில் கை தூக்கி இறக்கும் பயிற்சிதான்.

அன்று மாலை அடுப்படியில் ஏழு சின்ன வெங்காயத்தைத் தரையில் வரிசையாக வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். கணவர் சவரிராயன் தபால்காரர். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"குழம்பு வருமா, இல்ல வெங்காயம் பரேடு முடிச்சுட்டுத்தான் வருமா?"

"சும்மா இருங்க. இருபத்தோரு ஆட்டம் வெச்சா முடியாது. ஆறு ஆட்டம் வெச்சா அடிச்சுக்குவாங்க. உப்பளத்துப் பொண்ணுங்க எத்தினி மணிக்கு வெளிய வருவாங்க?"

"வெயில் ஏறங்காட்டியும் வாரி முடிச்சிடுவாங்க. ஒம்போது, ஒம்போதரை. நான் அந்தப் பக்கம் கடுதாசி குடுக்கப் போறப்ப கையக் கழுவிட்டு இருப்பாங்க."

"அப்ப மொத ஆட்டம் அவங்களுக்கு வெக்கவே கூடாது. அவங்களுக்கு பை குடுத்தா கோயில் தெரு குதிக்கும்."

"குடுக்காத."

"குடுக்கலன்னா வரமாட்டாங்க!"

"ஏம்மா, ரெண்டு கூறாப் பிரிச்சிடேன். மீன் விக்கிறவ என்னா பண்றா?" என்று சொல்லிவிட்டு அவர் கை கால் கழுவப் போனார்.

டீச்சர் வெங்காயத்தை நான்காகவும் மூன்றாகவும் பிரித்தார். நான்கு இருக்கும் கூறுக்குள் லீக் ஆடினால் ஆறு ஆட்டம். மூன்று இருக்கும் கூறுக்குள் மூன்று. இரண்டு கூறிலும் முதலில் வருபவர்களுக்கு இறுதி ஆட்டம் ஒன்று. மொத்தம் பத்து. பாதிக்குப் பத்து நிமிஷம் என்று சுருக்கினால், இடைவேளை, ஆள் மாறுவது எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு அரைமணி. ஐந்து மணி நேரம். ஒன்பதரைக்குத் தொடங்கினால், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டாலும் மூன்றரைக்கு முடிந்துவிடும்.

அதைவிட நல்ல விஷயம் மூன்று வெங்காயத்தில் இருந்தது. மூன்று பேர் லீக் ஆடும்போது இருவர் ஆட, ஒருவர் சும்மா இருப்பார். ஆளுக்கு ஒரு முறை அந்த ஓய்வு வரும். யாருக்கும் அதனால் லாபமில்லை, எல்லாருக்கும் இரண்டே ஆட்டம். நாக்-அவுட்டில் பை என்பது ஒரு வெற்றி. லீக்கில் அது வெறும் ஓய்வு. முதல் ஓய்வை உப்பளத்துக்குக் கொடுத்தால் எவன் கேட்பான்?

அமிர்தசாமி கேட்டார். கோயில் தெருவும் அந்த மூன்று அணிக் கூறில்தான் இருந்தது. மறுநாளே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"அதென்ன டீச்சர், உப்பளத்துக்கு மட்டும் மொத ரெஸ்ட்டு?"

"உங்க பொண்ணுக்கு ரெண்டாவது வேணுமா, கடைசி வேணுமா? கடைசின்னா கடைசி ஆட்டத்தப்போ நிழல்ல குந்தியிருக்கலாம்."

"கடைசி ரெஸ்ட்டே குடுங்க."

"குடுத்தாச்சு. போங்க."

விளையாட்டு தினத்தன்று காலையில் டீச்சர் கரும்பலகையில் அட்டவணை எழுதினார். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. அடியில் ஒரு வரி: இரு அணிகள் சம புள்ளி பெற்றால், அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தில் வென்றவர் முந்துவார். சாக்பீஸைத் தட்டிவிட்டுத் திருப்தியாக நின்றார்.

உப்பளத்து அணி பத்தேகாலுக்கு வந்தது. பின்னாலேயே விருத்தாம்பாள். அணித்தலைவியின் அம்மா. முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது.

"பேரு அடிச்சுட்டீங்களா டீச்சர்?"

"அடிக்கல. அதோ எழுதியிருக்கு. பதினோரு மணிக்கு ஆட்டம். மொதல்ல புள்ளைங்களுக்குத் தண்ணி குடு."

ஆட்டங்கள் ஓடின. நான்கு அணிக் கூறில் தெற்குத் தெரு மூன்றையும் ஜெயித்து ஒதுங்கியது. மூன்று அணிக் கூறில் கோயில் தெரு, மீனவர்களின் கரைக்குப்பத்தை 24-20 என்று வென்றது. பிறகு உப்பளம் கோயில் தெருவை 18-15 என்று வென்றது. விருத்தாம்பாள் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்று மணிக்குக் கடைசி ஆட்டம் முடிந்தது. கரைக்குப்பம் உப்பளத்தை 22-18 என்று வென்றது.

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். மூன்று அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. மூன்றும் இரண்டு புள்ளி. கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். 'இரு அணிகள்' என்று அவர் கையெழுத்து அழகாக நின்றது.

"அட மாதாவே" என்றார்.

கோயில் தெருவை உப்பளம் ஜெயித்தது. உப்பளத்தைக் குப்பம் ஜெயித்தது. குப்பத்தைக் கோயில் தெரு ஜெயித்தது. அந்த ஒரு வரி செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அமிர்தசாமிதான் முதலில் வந்தார். கையில் காகிதம்.

"போட்டது, வாங்குனது ரெண்டையும் கழிங்க டீச்சர். எங்க பொண்ணுங்க போட்டது முப்பத்தொம்போது, வாங்குனது முப்பத்தெட்டு. ஒண்ணு மிச்சம். குப்பத்துக்கு சைபர். உப்பளத்துக்கு ஒண்ணு கொறையுது. நாங்கதான்."

குப்பத்து மாயவன் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "ஏம்பா, கழிக்கிறதுக்கா ஆடுனாங்க? மொத்தமா யாரு அதிகம் போட்டதுன்னு பாரு. நாங்க நாப்பத்திரண்டு. நீ முப்பத்தொம்போது. உப்பளம் முப்பத்தாறு."

விருத்தாம்பாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். "எங்க புள்ளைங்க வாங்குனது முப்பத்தேழுதான். நீ முப்பத்தெட்டு வாங்குன, அவன் நாப்பத்திரண்டு வாங்குனான். அடி கம்மியா வாங்குனவ கெட்டிக்காரியா இல்லையா? நீயே சொல்லு டீச்சரு."

டீச்சர் மூன்றையும் போட்டுப் பார்த்தார். மூன்று பேரும் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். ஒருவராவது தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் விரட்டிவிட்டிருக்கலாம்.

"எல்லா ஊர்லயும் வித்தியாசம்தான் பாப்பாங்க டீச்சர்" என்றார் அமிர்தசாமி.

"பாப்பாங்க. நானும் படிச்சிருக்கேன். காலையில போர்டுல எழுதியிருந்தா அதான் சட்டம். எழுதல. என் தப்பு. இப்ப எழுதினா சட்டம் எழுதறதா ஆகாது, உங்க பொண்ணு பேர எழுதறதா ஆகும்."

"அப்ப சீட்டுப் போடுங்க."

"போன வருஷம் மெழுகு தடவுனேன்னு ஊரே சொல்லிச்சே, மறந்துட்டீங்களா?"

வேலியோரம் கூட்டம் நெருங்கியது. வராந்தாவில் சாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டி நிறையச் சவுக்குக் கன்று. டீச்சருக்கு அதைப் பார்த்ததும் உச்சந்தலை வரை சூடேறியது.

நீண்ட விசில் அடித்தார். "பெரியவங்க யாரும் கோட்டுக்குள்ள வரக்கூடாது! மூணு தலைவிங்களும் இங்க வாங்க."

மூன்று பெண்களும் வந்தார்கள். டீச்சர் தம் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார்.

"மூணு பேரும் மறுபடி ஒருத்தரோட ஒருத்தர் ஆடறீங்க. பாதியெல்லாம் கெடையாது, அஞ்சே நிமிஷம். ரெண்டும் ஜெயிச்சா ஃபைனல். மறுபடி மூணும் சமமா வந்தா, இந்தப் புது ஆட்டத்துல மட்டும் வித்தியாசம் பாப்போம். அதுவும் சமம்னா சீட்டு. உங்க மூணு பேர்ல ஒருத்தி கண்ண மூடி எடுக்கணும். இப்ப யாருக்கும் ஒரு புள்ளியும் இல்ல. ஒத்துக்கறீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமிர்தசாமியின் மகள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு ஆட்டம் வேண்டியிருந்தது.

"ஏய், என்னைக் கேக்காம..." என்று அமிர்தசாமி குரல் எழுப்பினார்.

"உங்க பொண்ணு கையெழுத்து போட்டிருக்கு. முத்து முத்தா. வேணும்னா பாருங்க" என்று டீச்சர் தாளை உயர்த்திக் காட்டினார்.

குப்பத்துப் பெண்கள் இரண்டையும் ஜெயித்தார்கள். உப்பளத்துப் பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள். கடைசி ஆட்டத்தில் சடுகுடு என்று பாடிப்போன பெண்ணுக்கு மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டிலும் தோற்றார்கள். இறுதி ஆட்டத்தில் குப்பத்தைத் தெற்குத் தெரு சுலபமாக வென்றது. "அவங்க ஒரு மணி நேரம் குந்தி மோர் குடிச்சாங்க, ஜெயிக்காம என்ன?" என்றான் மாயவன். அதுவும் சரிதான். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபத்தைந்து. வேலி கிழியவில்லை.

விருத்தாம்பாள் மகளுக்கு முடி முடிந்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "போன வருஷம் ஒண்ணுகூட இல்ல. இந்த வருஷம் நாலு ஆட்டம் ஆடிச்சுங்க டீச்சரு. ஆடித் தோத்தா பரவால்ல."

"நாளைக்குக் கால் வலிக்குதுன்னு லீவு போட்டா தொலைச்சிடுவேன்" என்றார் டீச்சர்.

சாமியார் இறங்கி வந்தார். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தார். "சண்டை இல்ல. சரி. ஆனா கன்னு வந்து நிக்குதே டீச்சர். இருநூறு. என்னா பண்றது?"

சந்தனமேரி டீச்சர் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கரும்பலகைக்குப் போய் 'இரு' என்பதை அழித்து 'இரண்டோ அதற்கு மேலோ' என்று எழுதி, கீழே வித்தியாசம், மறு ஆட்டம், சீட்டு என்று வரிசையாகச் சேர்த்தார். அடுத்த வருஷம்வரை அழிக்கக்கூடாது என்று மூலையில் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டார். பிறகு பிரம்பை எடுத்துக்கொண்டு போய், களத்தின் கோட்டிலிருந்து வேலிப் பக்கமாகப் பதினைந்து அடி அளந்து, அங்கே குதிகாலால் ஒரு கோடு கிழித்தார்.

"அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சுக்குங்க சாமி. ஒரு கன்னு இந்தப் பக்கம் வந்தாலும் பிடுங்கிடுவேன்."