நாலு பத்துக்கு வந்த அக்கா

பின்னேரம் நாலு மணி பத்துக்குக் குழுத் தலைவி அக்கா எங்கள் படலையைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை அது. கடன் கம்பனிக்காரர் அக்காவின் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிற நாள். ஐந்து பெண்களின் தவணையும் கைக்கு வந்தால்தான் அவர் எழும்புவார். ஒருத்தியிடம் இல்லையென்றால் மற்ற நால்வரும் பிரித்துப் போட வேண்டும். ஐவரும் ஒருவருக்கொருவர் பிணை.

அன்று நான் போகவில்லை. அதற்கு முந்திய இரண்டு செவ்வாயும் போகவில்லை.

"ரீச்சர், மூண்டு கிழமையா உங்கட தவணையையும் நாங்கள்தான் கட்டிறம். முன்பள்ளியில படிப்பிக்கிற மனுசி எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனாங்கள். உங்கட பாக்கி முடியாமல் எனக்கு அடுத்த கடன் தரமாட்டினமாம். விதைநெல்லுக்கு நான் எங்க போறது? இரவைக்கு உங்கட அவருக்குக் கோல் எடுக்கப்போறன்."

"எடுக்காதேங்கோ அக்கா. நானே சொல்லுறன்."

"நீங்களோ?" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்.

என் கணவர் நெல் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். அறுவடைக் காலத்தில் மெஷினோடு ஊர் ஊராகப் போய்விடுவார். அப்போது அம்பாறைப் பக்கம் நின்றார். இந்தக் கடன் ஒரு சதமும் அவருக்குத் தெரியாது. வேறொரு வாய் அதைச் சொன்னால், பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்பப்போவதில்லை.  இதை எழுதும்போதும் அந்தப் பயம் முழுதாக விடவில்லை.

குசினி வாசலில் இருந்து போனில் எழுதினேன். முதலில் எழுதியது, 'நான் பாவி, உங்களுக்கு ஏற்றவள் இல்லை' என்று தொடங்கியது. வாசித்துப் பார்த்தேன். கடன் எவ்வளவு என்று அதில் எங்குமே இல்லை. அவர் என்னைத் தேற்ற வேண்டும் என்ற கெஞ்சல்தான் இருந்தது. அழித்தேன். அனுப்பியது இதுதான்:

"இஞ்சாருங்கோ, வேற ஆக்கள் சொல்ல முதல் நானே சொல்லுறன். பிள்ளையின்ர சாமத்திய வீட்டுக்குக் கம்பனியில ரெண்டு லட்சம் எடுத்தனான். மண்டபமும் சாப்பாடும் சேர்த்து வைச்ச காசில எண்டு சொன்னது பொய். கிழமைக்கு நாலாயிரத்து எழுநூற்றைம்பது. இன்னும் இருபத்தொரு தவணை இருக்கு. குழு ஆக்கள் எனக்காகக் கட்டினது பதினாலாயிரத்து இருநூற்றைம்பது. காப்பு ரெண்டும் அலுமாரியில இல்லை, அடகில ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இருக்கு, வட்டி வேற. அந்தக் காசிலதான் இவ்வளவு நாளும் தவணை கட்டினனான். வேற எங்கயும் கடன் இல்லை. மறைச்சதுக்கு மன்னியுங்கோ. விழா செய்ததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டன். என்ர சம்பளத்தில மாதம் ரெண்டு தவணை கட்டுவன், மிச்சத்துக்கு உங்கட உதவி வேணும். இதை அடைக்க வேற கடன் வாங்காதேங்கோ. என்னோட சண்டை பிடியுங்கோ, பிள்ளையிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ."

விழாவுக்கு மன்னிப்பு ஏன் கேட்க வேண்டும்? நாங்கள் இருவரும் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர்கள். நான் பெரியபிள்ளை ஆனபோது எனக்குத் தண்ணீர் வார்த்தது ஒரு தார்ப்பாய்க்குப் பின்னால், வரிசையில் பிடித்த இரண்டு குடத்தில். என் மகள் மண்டபத்தில், எல்லோரும் பார்க்க, சேலை கட்டி நடந்து வந்தாள். அந்த நடையை எந்தக் கம்பனிக்காரரும் திருப்பி எடுக்க முடியாது.

என் கணக்குப் பிழைத்த இடம் வேறு. வருகிறவர்கள் தரும் என்வலப்பில் பாதிக் கடன் அடையும் என்று நினைத்தேன். முகாமில் மொய் அப்படித்தான் வந்து நிரம்பும். ஆனால் என்வலப் என்பது நாம் முன்பு கொடுத்தது திரும்பி வருவது. இங்கே பிந்தி வந்து குடியேறிய நாங்கள் எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருப்போம்? எங்களிடம் வாங்கியவர்கள் முகாமிலேயே இருந்துவிட்டார்கள். மண்டபம் நிறைந்தது, பெட்டி நிறையவில்லை. வந்தது சமையல்காரரின் மிச்சக் கூலிக்குத்தான் போதுமாக இருந்தது.

செய்தியின் கீழ் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன; வாசித்துவிட்டார்.  கோல் எடுத்தால் அவருடைய போன் நிறுத்தியிருந்தது. பிள்ளை சோறு கேட்டபோது கறியில் உப்பே போடாமல் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் வெயிலில் அவரே வந்தார். உடுப்பில் நெல் தூசி. வரும் வழியில் தலைவி அக்கா வீட்டில் இறங்கிக் குழுவின் காசைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். வாளித் தண்ணீரில் முகம் கழுவினார். நான் துவாயை நீட்டவில்லை, தலையையும் குனியவில்லை. அவரே கொடியில் கிடந்ததை எடுத்துத் துடைத்தார்.

"கணக்கில ஒண்டை விட்டிட்டாய்," என்றார். "வந்த என்வலப்பெல்லாம் அந்தந்த வீட்டுக்குத் திருப்பிக் குடுக்க வேணும். அதுவும் கடன்தான். ஆர் ஆர் தந்தவை எண்டு இருந்து சொல்லு. கோபம் இருக்கு, அதைப் பிறகு படுறன்."