குருத்தோலையும் ரப்பர் வளையமும்

உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. நீருக்கடியில் பாலத் தூண்களைப் படம் பிடிக்கும் ரோபோ ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குள் நீர் புகாமல் அடைக்கும் வேலை ஜோவிதாவுடையது. சோற்று டப்பாவைக்கூடப் பம்பு வைத்துச் சோதித்துவிட்டுத்தான் திறப்பாள் என்று ஊரின் மறுகோடியில் இருக்கும் சாரம் வரைக்கும் பேச்சு. நானும் அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வெளியே சுழலும் மோட்டார்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவற்றின் கம்பிச்சுருளுக்கு எபாக்சிப் பிசின் பூச்சு உண்டு, நனைந்தபடியே ஓடும். கவலையெல்லாம் கேமராவும் மின்பலகையும் இருக்கும் குழாய்க்குள் மோட்டார் வயர் நுழையும் துளைகளும், மூடியின் ரப்பர் வளையமும்தான். எல்லாம் மூடியபின் காற்றை உறிஞ்சிவிட்டுப் பதினைந்து நிமிடம் அழுத்தமானியின் முள்ளையே பார்ப்பாள். முள் இறங்கினால் ஓட்டை.

குருசுக்குப்பத்து லூர்துபிரகாஷின் படகு முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் கவிழ்ந்து மூன்றாம் நாள். உடல் கிடைக்கவில்லை; தேடுவதற்கு ரோபோவைக் கேட்டிருந்தார்கள். அன்று சோதனை முடிந்து, முள் அசையாமல் நின்றது. படகில் ஏற்றும்போது அவன் அம்மா ரோசா ஓடிவந்தாள்.

"கண்ணு, இது குருத்தோலை ஞாயித்துல சாமியார் மந்திரிச்ச ஓலைம்மா. உள்ள வெச்சி அனுப்பு. அவன் கண்ணுல படணும்."

"ஏறு ஜோவிதா, அலை தூக்குது!" என்று கத்தினார் படகோட்டி கண்ணையன். "வெக்கிறியா, வாக்குவாதம் பண்றியா?"

தன் வீட்டுச் சிலுவையிலும் அதே ஓலையைச் செருகி வைத்திருப்பவள், முடியாது என்று எப்படிச் சொல்வாள்? மூடியைத் திறந்தாள், வைத்தாள், மூடினாள். திறந்தால் மறுபடி பதினைந்து நிமிடம் என்பது அவளே போட்ட சட்டம். அன்று அதைப் பார்க்கவில்லை.

பதினான்கு மீட்டரில் திரையில் கவிழ்ந்த படகின் வயிறு தெரிந்தது. அதன்கீழ் வலை. வலைக்குள் நீலமாக ஏதோ. அப்போது கசிவு விளக்கு சிவந்தது. படம் போய்விட்டது.

"இழுங்கண்ணே! இழுங்க!"

மேலே வந்த குழாய்க்குள் அரை லிட்டர் உப்புநீர். வளையத்தின் கிரீசில் ஓலை நார் ஒன்று, தலைமயிர் கனத்தில், குறுக்கே ஒட்டியிருந்தது.

நனைந்துபோன மின்பலகைக்குப் பதில் புதியது வர மூன்று நாள். அதற்குள் கடல் புரண்டுவிட்டது. மறுபடி இறக்கியபோது நாற்பது நிமிடம் ஒரு சொட்டு கசியவில்லை. கீழே படகும் இல்லை, வலையும் இல்லை, மணல்தான்.

கரையில் ரோசா நின்றாள்.

"அன்னிக்கு நீலமா ஏதோ தெரிஞ்சதாமே, அது அவன்தானாம்மா?"

"தெரியலம்மா. படம் அதுக்குள்ள போயிடுச்சி."

"அவன்தான். ஓலை போனதால கண்ணுக்குத் தெரிஞ்சான். இன்னிக்கு நீ ஓலை வெக்கல, அதான் காட்டல."

அந்த ஓலையின் நார் வழியாகத்தான் நீர் புகுந்தது என்று ஜோவிதா சொல்லவில்லை. உடலுக்குப் பதில் அவன் சட்டை ஒன்றை மட்டும் வைத்து அடக்கம் செய்த நாளிலும் சொல்லவில்லை. ரோசா இன்றும் பூசை முடிந்து வரும்போது ஜோவிதாவின் கையில் ஓர் ஓலைத்துண்டைத் திணிக்கிறாள்.